அப்பாவோட மெஷின் லோன் ரிஜெக்ட் ஆச்சு: பேங்க் அனுப்புன அந்த ரெண்டு பக்க லெட்டர்ல என்ன இருந்துச்சு?



போன வருஷம் ஜூலை மாசம் ஒரு சனிக்கிழமை. நம்ம சேனலைப் பார்க்கிற ஒரு தம்பி ஆபீஸுக்கு வந்தார். அம்பத்தூர்ல ஐடி வேலை, வயசு 27, கைக்கு வர்ற சம்பளம் மாசம் 62,000 ரூபாய். அவர் கேட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: "அண்ணா, 15 லட்சம் பர்சனல் லோன் எடுக்கணும். எந்த பேங்க்ல வட்டி கம்மி?"

எதுக்குன்னு கேட்டேன். அப்பாவுக்காம். அப்பா கும்மிடிப்பூண்டியில சின்னதா ஒரு மெஷினிங் யூனிட் வச்சிருக்கார். இரும்பு வாங்கி, கடைஞ்சு, பார்ட்ஸா பெரிய கம்பெனிகளுக்கு சப்ளை பண்றார். இருக்கிற ஒரு விஎம்சி மெஷினோட இன்னொண்ணு வாங்க பேங்க்ல 30 லட்சம் கேட்டிருக்கார். பேங்க் முடியாதுன்னுடுச்சு. "20 வருஷமா தொழில் பண்றவருக்குக் கடன் இல்லையாம்ண்ணா. நானே லோன் போட்டு அவருக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் மெஷின் வாங்கித் தந்துடறேன்"னு கோபமா சொன்னார்.

பேங்க் ஏதாவது எழுதிக் கொடுத்திருக்காங்களான்னு கேட்டேன். பையில இருந்து மடிச்ச ரெண்டு பக்கத்தை எடுத்தார். ஆங்கிலத்துல முதல் பக்கத்துல ரிஜெக்ட்டுன்னு ஒரு வரி, கீழே கிளை அதிகாரி தமிழ்லயே விளக்கமா எழுதின ஒரு கடிதம். அப்பா அதை முதல் பாராவோட மடிச்சு வச்சுட்டாராம். பையனும் முழுசா படிக்கல.

நான் படிச்சேன். படிச்சு முடிச்சதும் அந்தத் தம்பிகிட்ட சொன்னேன்: "இதை எழுதினவர் உங்க குடும்பத்துக்கு நல்லது பண்ணிருக்கார்."

குடும்பத்தோட சம்மதத்தோட அந்தக் கடிதத்தை இங்கே தர்றேன். அடையாளம் தெரியாம இருக்க பெயர்களை எடுத்துட்டு, தொகைகளை ரவுண்ட் பண்ணிருக்கேன். நடுநடுவுல நான் விளக்கறேன்.

முதல்ல ஒரு சின்ன விஷயம்: காரணம் சொல்றது அவங்க கடமை

கடன் கொடுக்கணும்னு எந்த பேங்கையும் யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அது அவங்க வணிக முடிவு. ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேன்கிட்ட போனாலும் "ஏன் கடன் தரல"ங்கிற புகாரை எடுத்துக்க மாட்டாங்க. ஆனா ஏன் மறுத்தாங்கங்கிற முக்கியக் காரணத்தை எழுத்துல கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு. 2003-ல ரிசர்வ் வங்கி கொண்டுவந்த நியாயமான நடைமுறை விதிகள்ல இது முதல்ல 2 லட்சம் வரைக்குமான சின்னக் கடன்களுக்குத்தான் இருந்துச்சு. 2007-ல தொகை வரம்பு இல்லாம எல்லாக் கடனுக்கும், கிரெடிட் கார்டு விண்ணப்பத்துக்கும்கூட, விரிவாக்கினாங்க.

பெரும்பாலும் வர்றது ஒரு வரிதான். இந்த அதிகாரி அதோட நிறுத்தல.

கடிதம், முதல் பகுதி

> மதிப்பிற்குரிய ஐயா,
>
> தங்களின் 30 லட்சம் ரூபாய் இயந்திரக் கடன் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். தங்கள் தொழில் திறமை மீதோ நேர்மை மீதோ எங்களுக்கு ஐயம் இல்லை. தவணை ஒன்றுகூட நீங்கள் தவறியதில்லை. ஆனால் 31.3.2024 தேதியிட்ட தங்கள் இருப்புநிலைக் குறிப்பை நாங்கள் படித்த விதமும் தாங்கள் படித்த விதமும் வேறு. அந்த வேறுபாட்டைச் சொல்வதே இக்கடிதத்தின் நோக்கம்.
>
> விண்ணப்பத்தில் நடப்பு விகிதம் 1.23 என்று காட்டியுள்ளீர்கள். எங்கள் கணக்கில் அது 0.75.

இங்கதான் அப்பா கடிதத்தை மடிச்சு வச்சுட்டார். "என் கணக்கையே மாத்திட்டாங்க"ன்னு அவருக்குக் கோபம். ஆனா பேங்க் ஒரு எண்ணைக்கூட மாத்தல. ரெண்டு தொகையை இருந்த இடத்துல இருந்து வேற இடத்துக்கு நகர்த்தினாங்க, அவ்வளவுதான்.

நடப்பு விகிதம்னா, அதாவது கரண்ட் ரேஷியோன்னா, ஒரு வருஷத்துக்குள்ள கைக்கு வரக்கூடிய பணத்தை ஒரு வருஷத்துக்குள்ள கட்ட வேண்டிய பணத்தால வகுக்கறது. கீழே இருக்கறது எல்லாம் லட்சத்துல:

| | அப்பாவோட கணக்கு | பேங்க் கணக்கு |
|---|---|---|
| வாடிக்கையாளர்கள் தர வேண்டியது | 46 | 28 |
| ஸ்டாக் | 11 | 11 |
| கையிருப்பு | 1 | 1 |
| வர வேண்டியது | 58 | 40 |
| சிசி லிமிட் | 20 | 20 |
| சப்ளையர்களுக்குத் தர வேண்டியது | 24 | 24 |
| ஜிஎஸ்டி, பிஎஃப் பாக்கி | 3 | 3 |
| பழைய மெஷின் லோன், அடுத்த 12 மாச அசல் | – | 6 |
| கட்ட வேண்டியது | 47 | 53 |
| விகிதம் | 1.23 | 0.75 |

> வர வேண்டிய 46 லட்சத்தில் 18 லட்சம் ஒரே வாடிக்கையாளரிடம் ஆறு மாதத்துக்கும் மேலாக நிற்கிறது. ஆறு மாதம் தாண்டிய பாக்கியை நாங்கள் நடப்புச் சொத்தாக எடுத்துக்கொள்வதில்லை. அது வராது என்று சொல்லவில்லை. அதை நம்பி நாளைக்கு ஒரு பில் கட்ட முடியாது என்கிறோம். அதுபோல, ஏற்கனவே உள்ள இயந்திரக் கடனில் இந்த ஆண்டு செலுத்த வேண்டிய 6 லட்சம் அசலும் இந்த ஆண்டின் கடமைதான்.

தொழில் பண்ற நிறைய பேர் பண்ற தப்பு இது. பேலன்ஸ் ஷீட்ல மெஷின் லோன் முழுசும் "நீண்ட காலக் கடன்"னு ஒரே வரியில கிடக்கும். ஆனா அதுல அடுத்த 12 மாச அசல் நீண்ட காலம் இல்லையே, அது மாசா மாசம் கதவைத் தட்டும். பேங்குக்குக் கொடுக்கற சிஎம்ஏ அறிக்கையில அந்தப் பகுதியைத் தனியா பிரிச்சு நடப்புக் கடன்லதான் காட்டணும். ஆறு மாசம் தாண்டின பாக்கிக்கும் அதுல தனி வரி இருக்கு.

சரி, விகிதம் எவ்வளவு இருக்கணும்? 1.33-ங்கிற எண்ணை நீங்க கேள்விப்பட்டிருக்கலாம். அது 1974-ல ரிசர்வ் வங்கி அமைச்ச டாண்டன் கமிட்டியில இருந்து வந்தது. நடப்புச் சொத்துல கால் பங்கையாவது தொழில் பண்றவர் தன்னோட நீண்ட காலப் பணத்துல போடணும்னு அவங்க ஒரு முறை சொன்னாங்க. 100 ரூபாய்க்கு 25 உங்களோடதுன்னா மிச்சம் 75. நூறை எழுபத்தஞ்சால வகுத்தா 1.33. அவ்வளவுதான் அதோட ரகசியம். சின்ன யூனிட்டுக்கு நாயக் கமிட்டி சொன்ன விற்பனை அடிப்படையிலான முறையில, விற்பனையில 25% நடைமுறை மூலதனம் வேணும், அதுல 20% பேங்க், 5% உங்களோடது. 25-ஐ 20-ஆல வகுத்தா 1.25. எப்படிப் பார்த்தாலும் 0.75 ரொம்ப கீழே.

"13 லட்சம் எங்கே?"

கடிதத்துல என்னைக் கவர்ந்த பாரா இதுதான்.

> விகிதத்தை விடுங்கள், ரூபாயில் பாருங்கள். 40-லிருந்து 53-ஐக் கழித்தால் 13 லட்சம் பள்ளம். தங்கள் மூலதனம் 24, உறவினர் கடன் 5, ஓராண்டுக்குப் பிறகு கட்ட வேண்டிய இயந்திரக் கடன் 16. ஆக நிலையான பணம் 45 லட்சம். அது போய் நிற்கும் இடங்கள்: இயந்திரங்கள் 38, டெபாசிட் 2, பழைய பாக்கி 18. ஆக 58 லட்சம். மீதி 13 லட்சத்தை சிசி கணக்கும், இரும்பு வியாபாரியின் பொறுமையும் தாங்கிக்கொண்டிருக்கின்றன. தங்கள் சிசி கணக்கு கடந்த ஓராண்டில் பெரும்பாலும் லிமிட்டைத் தொட்டே நிற்பதன் காரணம் இதுதான்.

சிசி கணக்குன்னா என்னன்னு சம்பளக்காரங்களுக்கு ஒரு வரி: அது மூச்சு மாதிரி. பணம் உள்ள வரணும், வெளிய போகணும். வசூல் வந்தா பாக்கி இறங்கணும், இரும்பு வாங்கினா ஏறணும். ஏறினது இறங்கவே இல்லைன்னா, அது சிசி இல்ல, தவணை இல்லாத டெர்ம் லோனா மாறிடுச்சுன்னு அர்த்தம். இதைக் கண்டுபிடிக்க ரேஷியோவே வேணாம். பாஸ்புக்கைப் புரட்டினாலே தெரியும்.

இன்னொரு கசப்பு. அந்த 18 லட்சம் பில்லுக்கு ஜிஎஸ்டி உண்டு, 18%. பில் தொகைக்குள்ள வரி மட்டும் சுமார் 2.75 லட்சம். வாடிக்கையாளர் ஒரு பைசா தரல, ஆனா பில் போட்ட மாசத்துக்கான ஜிஎஸ்டியை அப்பா கட்டியாச்சு. ஆக, பள்ளத்துல ஒரு பகுதி அரசாங்கத்துக்குக் கைக்காசுல கட்டினது.

கடிதம், இரண்டாம் பகுதி: தவணை கட்ட முடியுமா?

> இனி, புதிய கடனைக் கட்டும் சக்தி. தங்கள் நிகர லாபம் 9 லட்சம். குடும்பச் செலவுக்கு எடுத்தது 4 போக 5. தேய்மானம் 6, இயந்திரக் கடன் வட்டி 2.5 சேர்த்தால், கடன் கட்டக் கையில் உள்ளது 13.5 லட்சம். இன்றைய தவணையும் வட்டியும் 8.5 லட்சம். இது தாராளமாகப் போதும். புதிய கடன் வந்தால் முதல் ஆண்டில் சுமார் 9 லட்சம் கூடி 17.5 லட்சம் ஆகும்.
>
> விற்பனை 1.5 கோடியிலிருந்து 2.2 கோடியாக உயரும், கையில் 27.5 லட்சம் இருக்கும் என்று மதிப்பிட்டுள்ளீர்கள். அப்படியானால் விகிதம் 1.57, எங்களுக்கும் மகிழ்ச்சியே. ஆனால் அந்த உயர்வுக்கான ஆர்டர் எதுவும் எழுத்தில் இல்லை. எதிர்பார்த்த உயர்வில் பாதி வந்தால் விகிதம் 1.17. உயர்வே வராவிட்டால் 0.77. அதாவது ஒவ்வொரு 100 ரூபாய் தவணைக்கும் தங்களிடம் 77 ரூபாய்தான் இருக்கும்.

இதுதான் டிஎஸ்சிஆர். கடன் கட்ட கையில இருக்கறதை, கட்ட வேண்டிய அசல் வட்டியால வகுக்கறது. தேய்மானத்தைத் திரும்பக் கூட்டறது ஏன்னு கேட்பீங்க. அது கணக்குல மட்டும் இருக்கிற செலவு, கையை விட்டுப் போற காசு இல்ல. பொதுவா பேங்குகள் சராசரியா 1.5 கிட்ட எதிர்பார்ப்பாங்க. எந்த வருஷமும் 1.2-க்குக் கீழே போகக் கூடாதுன்னு பார்க்கறவங்க உண்டு.

ஒண்ணு கவனிச்சீங்களா? சொந்த நிறுவனத்துல முதலாளிக்குச் சம்பளம்னு ஒரு வரி இருக்காது. வீட்டுச் செலவுக்கு எடுக்கற 4 லட்சம் லாப நஷ்டக் கணக்குல தெரியாது, மூலதனத்துல இருந்துதான் கழியும். அதை மறந்துட்டு 9 லட்சத்தையும் தவணைக்குக் கணக்குப் போட்டா, விகிதம் நல்லா தெரியும், வீட்ல அடுப்பு எரியாது.

"வீடு இருக்கே, அடமானம் வச்சுக்கோங்க"

அப்பா பேங்க்ல இதைத்தான் கடைசியா சொன்னாராம். கவரைப்பேட்டை பக்கத்துல சொந்த வீடு, பட்டா சுத்தம். அதிகாரியோட பதில்:

> தாங்கள் வீட்டை அடமானமாகத் தர முன்வந்தீர்கள். அதை வாங்கிக்கொண்டு கடன் கொடுத்திருந்தால் எங்களுக்குப் பாதுகாப்பு. தங்களுக்கு அல்ல. தவணை தொழிலில் இருந்து வர வேண்டும். வீட்டிலிருந்து வரக் கூடாது.
>
> இரண்டு விஷயங்களைப் பரிந்துரைக்கிறேன். முதலில் அந்த 18 லட்சத்தை வசூலியுங்கள். தாங்கள் உத்யம் பதிவு பெற்ற குறு நிறுவனம். சட்டம் தங்கள் பக்கம் உள்ளது. இரண்டாவது, எங்கள் அதிகாரி நேரில் வந்தபோது இப்போதைய இயந்திரம் ஒரு ஷிஃப்ட் மட்டுமே ஓடியது. இரண்டாவது ஷிஃப்ட் நிரம்பிய பிறகு இரண்டாவது இயந்திரம் பற்றிப் பேசுவோம். அடுத்த தணிக்கைக் கணக்குடன் தாங்கள் மீண்டும் விண்ணப்பிக்கலாம்.

இப்ப தம்பியோட 15 லட்சத்துக்கு வருவோம்

பேப்பர்ல எழுதிக் காட்டினேன். 15 லட்சம், 14% வட்டி, 5 வருஷம்: மாசத் தவணை சுமார் 34,900 ரூபாய். மொத்த வட்டி கிட்டத்தட்ட 5.9 லட்சம். ஏற்கனவே பைக் தவணை 4,200. ரெண்டும் சேர்த்து 39,100. சம்பளம் 62,000. 63% தவணைக்கே போயிடும். இதுதான் உங்களுக்கான ரேஷியோ, எஃப்ஓஐஆர்னு சொல்வாங்க. நிறைய பேங்குகள் பாதியைத் தாண்டினாலே யோசிப்பாங்க. தம்பி ரெண்டு வருஷத்துல வீட்டு லோன் போட நினைச்சிருந்தார். அதுவும் அஞ்சு வருஷம் தள்ளிப்போகும்.

இதைவிட முக்கியமான கேள்வி, அந்தப் பணம் எங்கே போகும்? மெஷின் வாங்கினா 13 லட்சம் பள்ளம் அப்படியே இருக்கும். புது மெஷினுக்கு இரும்பு வாங்கவும் ஆள் சம்பளத்துக்கும் இன்னும் நடைமுறைப் பணம் வேணும், பள்ளம் பெருசாகும். பள்ளத்தை நிரப்பினா மெஷின் வராது, தாமதமா பணம் தர்ற அந்த வாடிக்கையாளருக்கு 14% வட்டியில தம்பி கடன் கொடுத்த மாதிரி ஆகும். எப்படிப் பார்த்தாலும், பேங்க் வேணாம்னு விட்ட ரிஸ்க்கை அதைவிட அதிக வட்டிக்குப் பையன் தலையில ஏத்திக்கறார்.

தம்பி ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "அப்பாவையும் கூட்டிட்டு வர்றேன்ண்ணா"ன்னார்.

நாங்க என்ன பண்ணோம்

அப்பாவுக்கு அந்த வாடிக்கையாளரை நெருக்கறதுல தயக்கம். "பத்து வருஷப் பழக்கம் சார், ஆர்டர் போயிடும்." அவர் பயம் நியாயம்தான். அதனால கவுன்சில், கேஸ்னு ஆரம்பிக்கல. அவங்க கணக்குப் பிரிவுக்கு மரியாதையா ஒரு கடிதம், மூணு விஷயம் மட்டும்.

ஒண்ணு, எம்எஸ்எம்இடி சட்டம் 2006-ன்படி எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல தள்ள முடியாது; ஒப்பந்தமே இல்லைன்னா 15 நாள். தாண்டினா ரிசர்வ் வங்கியோட பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு கூட்டு வட்டி. ரெண்டு, வருமான வரிச் சட்டம் 43பி(எச்) 2023-24-ல இருந்து அமலுக்கு வந்துச்சு: குறு, சிறு உற்பத்தியாளருக்கு அந்தக் கெடுவுக்குள்ள தராத தொகையை, பணம் உண்மையா கொடுக்கிற வருஷத்துலதான் செலவா காட்ட முடியும். ஜிஎஸ்டி போக 15 லட்சத்துக்கு மேல அவங்க லாபத்துல கூடும். மூணு, பில் தேதியில இருந்து 180 நாள் தாண்டியும் பணம் தரலைன்னா, அந்த பில்லுக்கு எடுத்த ஜிஎஸ்டி இன்புட் கிரெடிட்டை அவங்க வட்டியோட திருப்பணும்.

பர்ச்சேஸ் மேனேஜர்கிட்ட பத்து தடவை கேட்டு வராத பணம், இது அவங்க ஆடிட்டர் மேஜைக்குப் போனதும் அசைஞ்சுது. டிசம்பர் வரைக்கும் 12 லட்சம் வந்துச்சு. மிச்சம் 6 லட்சத்துல தரம் பத்தின தகராறு இருக்கு, இன்னும் பேச்சு நடக்குது.

12 லட்சமும் நேரா சப்ளையர்களுக்குப் போச்சு. அதே மார்ச் கணக்குல வச்சுப் பார்த்தா கட்ட வேண்டியது 53-ல இருந்து 41, விகிதம் 0.98. பாருங்க, இன்னும் ஒண்ணைக்கூடத் தொடல. முழு 18 வந்திருந்தாலும் 40-ஐ 35-ஆல வகுத்து 1.14 தான். வசூல் பள்ளத்தை மூடும், மேட்டைக் கட்டாது. மிச்சத்தை லாபத்தை எடுக்காம தொழில்லயே விட்டுத்தான் கட்டணும், அதுக்கு ஒரு வருஷமாவது ஆகும்னு அப்பாகிட்ட வெளிப்படையா சொன்னேன்.

ஆனா இரும்பு வியாபாரி பழையபடி உடனுக்குடன் லோடு அனுப்பறார். ராத்திரி ஷிஃப்ட்டுக்கு ஒரு ஆபரேட்டரைப் போட்டிருக்காங்க. சிசி கணக்கு மாசத்துல சில நாளாவது 15 லட்சத்துக்குக் கீழே இறங்குது. அப்பா இன்னும் புது லோனுக்கு விண்ணப்பிக்கல. அடுத்த மார்ச் கணக்கு ஆடிட் முடிஞ்சதும் அதே அதிகாரிகிட்டதான் போகணும்னு இருக்கார்.

தம்பி பர்சனல் லோன் எடுக்கல. உங்க வீட்டிலயும் அப்பாவோ அண்ணனோ தொழில் பண்றாங்க, "பேங்க் தரல, நீ எடுத்துக்கொடு"ன்னு கேட்டா, கோபப்படறதுக்கு முன்னாடி அந்த மறுப்புக் கடிதத்தை வாங்கிப் பாருங்க. ஒரு வரிதான் இருந்தா, காரணத்தை எழுத்துல கேட்டு வாங்குங்க. அப்புறம் பேலன்ஸ் ஷீட்ல ஆறு மாசம் தாண்டின பாக்கி எவ்வளவு, சிசி கணக்கு கடைசியா எப்போ இறங்குச்சுன்னு ரெண்டே ரெண்டு கேள்வி கேளுங்க. பதில் வந்ததும் உங்க சம்பளத்தை எதுக்குக் கேட்கறாங்கன்னு தானா புரிஞ்சிடும்.

டிஎஸ்சிஆர் கணக்கை எக்ஸெல்ல போடறது எப்படின்னு அடுத்த வீடியோவுல இதே எண்களை வச்சுக் காட்டறேன். சந்திப்போம்!